தையல் கூடத்துக்குச் சிறுகடன்: ஒரு பக்கத் திட்டம் எழுதியிருக்கிறேன், கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்

ஊசிமுனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது வீட்டில் ஆல்டரேஷன் வேலை செய்து வருகிறேன். சின்னதாக ஒரு கடை பிடித்து, ஒரு துணையாளை வைத்துக்கொண்டு, பள்ளிச் சீருடைச் சட்டைகள் தைக்கலாம் என்று இருக்கிறேன். கடன் விண்ணப்பத்துடன் ஒரே ஒரு பக்கத்தில் தொழில் திட்டம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே பல நாடுகளிலிருந்து படிக்கிறீர்கள். ஆகவே தொகைகளை எந்த நாட்டுப் பணத்திலும் எழுதவில்லை. நான் கேட்கும் கடனை 100 பங்கு என்று வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதே அளவில் எழுதியிருக்கிறேன். என் கையிலிருந்து போடுவது 25. ஆக மொத்தம் 125.

செலவு: தொழில்முறைத் தையல் இயந்திரம் இரண்டுக்கு 40, ஓவர்லாக் இயந்திரம் 22, வெட்டு மேசை, இஸ்திரிப் பெட்டி, விளக்கு, மின்வேலை எல்லாம் சேர்த்து 15, கடை முன்பணம் 16, துணி வாங்க 32.

வருமானம்: ஒரு சட்டைக்கு 40 நிமிடம். 8 மணி நேரத்தில் ஓர் இயந்திரத்தில் 12, இரண்டில் 24 சட்டை. மாதம் 26 நாளில் 624. சட்டைக்குத் தையல் கூலி 0.12 என்றால் மாதம் சுமார் 75. துணையாள் சம்பளம் 9, வாடகை 4, மின்சாரம் 1, நூல் முதலியவை 1.5, பழுது 0.5, ஆகச் செலவு 16. மாத லாபம் 59.

வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், 24 மாதமா 36 மாதமா என்று நானே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று 24 போட்டிருக்கிறேன். பக்கத்தின் மேல் பாதியில் தையல் தொழிலின் எதிர்காலம் பற்றியும் பெண்கள் சொந்தக் காலில் நிற்பது பற்றியும் எழுதியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா?

---

புதுமொட்டு எழுதியது:

அக்கா, எனக்கும் தையல் கூடம் வைக்க ஆசை. நீங்கள் கடன் தருகிறீர்களா, இல்லை வாங்கித் தருகிறீர்களா? எனக்குக் காலர் வெட்டத் தெரியாது, அதையும் சொல்லிக் கொடுப்பீர்களா?

---

ஊசிமுனை எழுதியது:

தங்கையே, நான் கடன் கேட்கப் போகிறவள், கொடுக்கிறவள் இல்லை. காலர் பற்றித் தனி இழை தொடங்கு, எனக்குத் தெரிந்ததை அங்கே எழுதுகிறேன்.

---

கடன்மேசை எழுதியது:

சிறுதொழில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா, உங்கள் செலவுப் பட்டியல் ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. வருமானக் கணக்குதான் விண்ணப்பத்தைக் கவிழ்த்துவிடும்.

மாதம் 59 மிச்சம் வரும் தொழிலுக்கு 100 கடன் எதற்கு? இரண்டே மாதத்தில் அடைத்துவிடலாமே? மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மனத்தில் எழும் முதல் கேள்வி இதுதான். அவர் உங்களிடம் இதைக் கேட்கக்கூட மாட்டார். இந்த அம்மாவுக்குக் கணக்கு தெரியாது என்று குறித்துக்கொண்டு அடுத்த கோப்பை எடுத்துவிடுவார்.

கோளாறு அந்த 40 நிமிடத்தில் இருக்கிறது. அது தொழிற்சாலை வரிசையில் கேட்ட எண் என்று நினைக்கிறேன். அங்கே வெட்டுவதற்கு ஒரு பிரிவு, பொத்தான் ஓட்டைக்கு ஓர் ஆள், நூல் பிசிறு வெட்ட ஓர் ஆள், இஸ்திரிக்கு ஓர் ஆள். நீங்கள் காலர் மட்டும் தைத்தீர்கள். உங்கள் கடையில் இத்தனை வேலையும் இரண்டு பேர் கையில் வந்து விழும். ஆகவே இயந்திரத்தை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள், கைகளை எண்ணிப் போடுங்கள்.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். துணியை விரிப்பது முதல் மடித்து வைப்பது வரை, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சில சட்டைகளை முழுதாகத் தைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். திட்டத்தின் அடித்தளம் அந்தக் காகிதம்தான்.

மேல் பாதியை அப்படியே எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம்தான் கொடுத்திருக்கிறார்கள், அதில் பாதியைத் தொழிலின் பெருமைக்கு எழுதிவைத்தால் கணக்கு எங்கே போகும்?

---

இரட்டைத்தையல் எழுதியது:

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நான் தையல் கூடம் நடத்துகிறேன். நேரம் எங்கே போகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அளவு கொடுக்க வருகிறவர், தைத்ததை வாங்க வந்து அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டு இடுப்பைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்கிறவர், பாபின் தீர்வது, நிற நூல் மாற்றுவது, ஊசி முறிவது, மின்தடை, பிரித்துத் தைப்பது என்று போய்க்கொண்டே இருக்கும். எட்டு மணி நேரம் கடை திறந்திருந்தால் ஆறு மணி நேரம் தையல் ஓடினாலே நல்ல நாள். அதனால் மொத்த நேரத்தில் கால் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடு.

ஒரே அளவில் பத்துச் சட்டை வந்தால் துணியைப் பத்து அடுக்காக விரித்து ஒரே வெட்டில் வெட்டலாம், வெட்டும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் அது பழகினால்தான் வரும். அடி அடுக்கு கொஞ்சம் நகர்ந்துவிட்டால் கீழே இருக்கும் சட்டைகளின் கைக்குழியெல்லாம் கோணலாகிவிடும்.

---

ஊசிமுனை எழுதியது:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. கடிகாரம் வைத்துத் தைத்துப் பார்த்தேன். அரைக்கைச் சீருடைச் சட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய இப்படி வருகிறது: விரித்து வெட்ட 9 நிமிடம், தைக்க 46, ஓவர்லாக் அடிக்க 6, பொத்தானும் ஓட்டையும் 8, பிசிறு வெட்டி இஸ்திரி போட்டு மடிக்க 9. மொத்தம் 78 நிமிடம்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளில் 960 நிமிடம். கால் பங்கு கழித்தால் 720. அதை 78 ஆல் வகுத்தால் 9 சட்டை. மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் 225. கூலி 27 வருகிறது. செலவு 16 போக மிச்சம் 11.

நான் 24 என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது 9 நிற்கிறது. இதைக் காட்டினால் கடன் கிடைக்குமா என்றே சந்தேகமாக இருக்கிறது.

---

கடன்மேசை எழுதியது:

கிடைக்க வாய்ப்பு இருக்கும் கணக்கு இதுதான் அம்மா. ஒரு சட்டைக்கு 78 நிமிடம் என்று ஐந்து கட்டமாகப் பிரித்து எழுதியவரை, வேலை தெரிந்தவர் என்று அதிகாரி உடனே புரிந்துகொள்வார். அந்த ஐந்து எண்களையும் பக்கத்தில் அப்படியே போடுங்கள். அடுக்கு வெட்டு பற்றி இப்போது எழுதவேண்டாம். பழகிய பிறகு கிடைப்பது உங்களுக்கு உபரி.

இனி மிச்சம் 11. அதிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு எடுப்பீர்கள்? உங்கள் திட்டத்தில் அந்த வரியே இல்லையே.

---

வரவுசெலவு எழுதியது:

நான் கணக்கு எழுதுபவன். இதில் குறுக்கிட வேண்டியிருக்கிறது. தனி உரிமையாளர் நடத்தும் தொழிலில் உரிமையாளர் எடுத்துக்கொள்ளும் பணம் செலவு ஆகாது, அது எடுப்பு. லாப நட்டக் கணக்கில் அதைக் காட்டக்கூடாது. 11 என்பதுதான் லாபம். 24 மாதத் தவணை 4.71 வரும். லாபம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இதைவிட நல்ல விகிதம் வேண்டுமா? தேவையில்லாமல் சொந்தக் கூலியை எழுதி லாபத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள்.

---

கடன்மேசை எழுதியது:

லாப நட்டக் கணக்கில் அது வராது என்பது சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கம் லாபத்தைக் காட்டுவதற்காக எழுதப்படுவதில்லை, தவணை எங்கிருந்து வரும் என்று காட்டுவதற்காக எழுதப்படுகிறது. அந்த அம்மா நாள் முழுக்கக் கடையில் இருக்கிறார், வேறு வேலைக்குப் போக முடியாது. வீட்டுச் செலவுக்கு இந்தக் கல்லாவிலிருந்துதான் எடுக்கவேண்டும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்தப் பணம் வெளியே போய்த்தான் தீரும். எழுதாமல் விட்டால் அதிகாரி தானாகவே ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார். அது பெரும்பாலும் நீங்கள் எழுதுவதைவிடக் கூடுதலாக இருக்கும்.

ஆகவே செலவுக்குக் கீழே, லாபத்துக்குப் பிறகு, தனி வரியாக எழுதுங்கள். உங்கள் கணக்கு முறையும் கெடாது ஐயா, எனக்கு வேண்டியதும் கிடைத்துவிடும்.

---

வரவுசெலவு எழுதியது:

லாபத்துக்குக் கீழே என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. செலவோடு சேர்க்கக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

---

ஊசிமுனை எழுதியது:

வீட்டுக்கு மாதம் 6 வேண்டும். அதற்குக் கீழே போனால் சிரமம். அப்படியானால் தவணைக்கு 5 மிஞ்சும். 24 மாதத் தவணை 4.71. கட்டிவிடலாம், ஆனால் கையில் ஒன்றும் நிற்காது.

---

கடன்மேசை எழுதியது:

36 மாதம் போட்டால் தவணை 3.32. மிஞ்சும் 5 அதற்கு ஒன்றரை மடங்கு. 24 மாதத்தில் அந்த விகிதம் ஒன்றைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. நான் வேலையில் இருந்தபோது ஒன்றேகாலுக்குக் கீழே இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். சீக்கிரம் முடிக்கவேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். நீண்ட தவணையை எடுத்துக்கொண்டு, பணம் சேரும்போது முன்கூட்டிக் கட்டலாம். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டி பற்றியும் ஒன்று கேட்கவேண்டும். 12 சதவீதம் என்பது குறைந்துவரும் நிலுவைக்கா, இல்லை முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரையா? நான் சொன்ன 3.32 முதல் வகைக்கு. இரண்டாவது வகை என்றால் மூன்று வருட வட்டி 36, முதலோடு சேர்த்து 136, மாதத்துக்கு 3.78. அப்போது விகிதம் ஒன்றரையிலிருந்து இறங்கிவிடும். இரண்டையும் 12 சதவீதம் என்றுதான் சொல்வார்கள். "மாதத் தவணை எவ்வளவு, மொத்தம் எத்தனை தவணை" என்று கேட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

---

இரட்டைத்தையல் எழுதியது:

இதையெல்லாம் மாதா மாதம் 225 சட்டை வரும் என்று வைத்துப் பேசுகிறோம். சீருடை வருடம் முழுக்க வராது. பள்ளி திறக்கும் முன் தலைக்குமேல் வேலை இருக்கும், அப்புறம் சில மாதம் கத்திரிக்கோல் சும்மா கிடக்கும். பருவத்தில் சம்பாதித்து மந்தமான மாதத்தைச் சமாளித்துவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பருவத்தில் 500 சட்டை கேட்டு வருவார்கள், ஆனால் உன் நிமிடங்கள் அதே 720 தான். ராக்கண் விழித்தாலும் கொஞ்சம்தான் கூடும். மீதி வேலை அடுத்த கடைக்குப் போய்விடும். ஆகவே பருவம் உனக்கு உபரி வருமானம் தராது, 225 ஐ நிரப்பித் தரும், அவ்வளவுதான். மந்தமான மாதத்தில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்தால் பெரிது.

---

கடன்மேசை எழுதியது:

நான் அடுத்து எழுத இருந்ததை அந்த அம்மா எழுதிவிட்டார். நல்ல மாதத்தைக் காட்டும் திட்டங்களைத்தான் எல்லோரும் கொண்டுவருவார்கள். மிக மோசமான மாதத்தில் தவணை எப்படிக் கட்டுவேன் என்று ஒரு பத்தி எழுதிக்கொண்டு வந்தவர்கள் மிகக் குறைவு. அந்தப் பத்தியை எழுதுங்கள்.

60 சதவீதம் என்று வைப்போம். 135 சட்டை, வரவு 16.2. நூலும் மின்சாரமும் கொஞ்சம் குறையும். ஆனால் வாடகை குறையாது, துணையாள் சம்பளம் 9 குறையாது. செலவு 15. மிச்சம் 1.2. தவணையும் கட்ட முடியாது, வீட்டுக்கும் எடுக்க முடியாது. ஆக இந்தத் தொழிலில் உங்களை அழுத்தப்போவது கடன் இல்லை, மாதச் சம்பளம். துணையாளுக்கு உருப்படிக் கூலி, சட்டைக்கு 0.04 என்று வைத்தால், நல்ல மாதத்தில் அதே 9 வரும், மந்த மாதத்தில் 5.4 ஆகக் குறையும். மிச்சம் 4.8, தவணை போகிறது.

---

தறியோரம் எழுதியது:

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் உருப்படிக் கூலிக்குத் தைத்தவள். வேலை இல்லாத மாதம் என்றால் முதலாளிக்குச் செலவு குறையும், எங்களுக்குச் சாப்பாடு குறையும். மந்த மாதத்தின் சுமையை அப்படியே துணையாள் தலையில் ஏற்றுவதற்குப் பெயர் திட்டமா? அவளும் ஒரு வீட்டை நடத்துகிறவள்தானே. ஊசிமுனை வீட்டுக்கு 6 க்குக் கீழே போனால் சிரமம் என்கிறார். துணையாளுக்கு 5.4 ஆனால் பரவாயில்லையா?

பணக்கணக்காகவும் சொல்கிறேன். இரண்டு மாதம் கூலி குறைந்தால் நல்ல கை வேறு கடைக்குப் போய்விடும். அடுத்த பருவத்தில் புது ஆளைப் பிடித்துப் பழக்கும்போது உங்கள் 78 நிமிடம் நூறு நிமிடம் ஆகும். அதை யார் கணக்கில் எழுதுவது?

---

கடன்மேசை எழுதியது:

ஆள் போனால் நேரம் கூடும் என்பது முக்கியமான கருத்து, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் கடன் கொடுப்பவர் பக்கமிருந்து பார்த்தால், மாறாத மாதச் செலவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆபத்து. அதிலிருந்து என்னால் விலக முடியாது.

---

இரட்டைத்தையல் எழுதியது:

என் கூடத்தில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டித் தைப்பதற்கு மேல்கூலி. பெண்கள் நிலைத்து நிற்கிறார்கள். உங்கள் நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துக்கொள், அதற்குக் கீழே போகக்கூடாது.

---

ஊசிமுனை எழுதியது:

தறியோரம் அக்கா சொன்னதைப் படித்த பிறகு முழு உருப்படிக் கூலிக்கு எனக்கு மனம் வரவில்லை. நானும் அந்த மாதங்களைப் பார்த்தவள். குறைந்தபட்சம் 6 உறுதி, எண்ணிக்கை கூடக் கூட 9 வரை உயரும் என்று வைக்கிறேன்.

மந்த மாதத்தில் வரவு 16.2, செலவு 12, மிச்சம் 4.2. அந்த மாதங்களில் எனக்கு நேரம் இருக்கும், ஆகவே ஆல்டரேஷன் வேலையைச் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது வீட்டில் அதில் மாதம் 3 வருகிறது, நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஆக 7.2. தவணை 3.32 போக 3.9 வீட்டுக்கு. 6 க்கு 2.1 குறைகிறது. நல்ல மாதங்களில் தவணையும் வீட்டுச் செலவும் போக 1.7 நிற்கிறது, அதைத் தொடாமல் வைத்தால் மூன்று மந்த மாதங்களைத் தாண்டிவிடலாம். சரியா ஐயா?

---

கடன்மேசை எழுதியது:

இந்தப் பத்தி போதும் அம்மா, இதை அப்படியே எழுதுங்கள். ஆல்டரேஷன் நோட்டின் சில பக்கங்களை நகலெடுத்து விண்ணப்பத்துடன் இணையுங்கள். பக்கத்தில் இருக்கும் எண்களில் ஏற்கெனவே நடந்தது என்று காட்டக்கூடியது அந்த 3 மட்டும்தான். மற்றவை எல்லாம் இனிமேல் நடக்கவேண்டியவை.

இனி அந்த 32 துணி. சீருடைத் துணியை யார் வாங்குவது?

---

ஊசிமுனை எழுதியது:

நானே வாங்கித் தைத்துக் கொடுத்தால் துணியிலும் லாபம் கிடைக்கும் என்று நினைத்தேன். பக்கத்துப் பள்ளியில் வாய்ப்பேச்சாகச் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தில் எதுவும் இல்லை.

---

இரட்டைத்தையல் எழுதியது:

முதல் வருடம் துணியில் கை வைக்காதே. துணி வாங்க உடனே பணம் கொடுக்கவேண்டும். தைத்துக் கொடுத்த பிறகு பணம் வர ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகும். அதற்குள் தவணை நாள் வந்துவிடும். அலமாரி நிறையத் துணி இருக்கும், கல்லாவில் ஒன்றும் இருக்காது. அளவு மாறித் தைத்தது திரும்பி வந்தால் துணியும் உன் தலையில். அவர்களே துணி தரட்டும், நீ கூலிக்குத் தை. நூல், பொத்தான், காலருக்கு ஒட்டும் கேன்வாஸ் இவ்வளவுதான் உன் சரக்கு, அதற்கு 4 போதும்.

---

கடன்மேசை எழுதியது:

மீதி 28 ஐ ஓட்டப்பணம் என்று தனியாகக் காட்டுங்கள். கடை திறந்த முதல் மாதமே 225 சட்டை வராது, ஆனால் வாடகையும் சம்பளமும் முதல் மாதமே வரும். மாதச் செலவு 16 என்னும்போது, வேலையே வராவிட்டாலும் 28 இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். முதல் சில மாதம் தவணை விடுப்பு தருவார்களா என்று கேளுங்கள். விடுப்பிலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

எதை எந்தப் பணத்தில் வாங்குகிறீர்கள் என்றும் பிரித்துக் காட்டுங்கள். கடை முன்பணத்துக்குக் கடன் கொடுக்கப் பலரும் தயங்குவார்கள், ஏனென்றால் அது கட்டட உரிமையாளர் கையில் போய்விடும். ஆகவே உங்கள் 25 இல் முன்பணம் 16, நூல் பொத்தானுக்கு 4, ஓட்டப்பணத்தில் 5 என்று காட்டுங்கள். கடன் 100 இல் இயந்திரங்களும் மேசையும் மின்வேலையும் 77, ஓட்டப்பணம் 23. இயந்திரங்களுக்கு விலைப்புள்ளி வாங்கி இணையுங்கள். அதில் மாதிரி எண்ணும் தேதியும் இருக்கவேண்டும், பக்கத்தில் எழுதும் தொகையும் விலைப்புள்ளித் தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும். பல இடங்களில் பணத்தை உங்கள் கையில் தராமல் நேரே விற்பவருக்கே அனுப்புவார்கள்.

பள்ளியின் வாய்ப்பேச்சை வருமானத்தில் சேர்க்கவேண்டாம். "பேச்சு நடக்கிறது" என்று ஒரு வரி போதும்.

---

வரவுசெலவு எழுதியது:

விலைப்புள்ளியில் வரி, ஏற்றுக்கூலி, பொருத்துக்கூலி எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விட்டுப்போனால் அது ஓட்டப்பணத்திலிருந்துதான் போகும்.

---

இரட்டைத்தையல் எழுதியது:

விலைப்புள்ளி வாங்கும்போது சர்வோ மோட்டார் வைத்த இயந்திரம் கேள். பழைய கிளட்ச் மோட்டார் நீ தைக்காமல் இருக்கும்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், சத்தமும் போடும், மின்கட்டணமும் ஏற்றும். சர்வோ, மிதியை அழுத்தினால்தான் ஓடும். உன் மின்சாரம் 1 என்ற கணக்கு சர்வோவுக்குத்தான் பொருந்தும். கடையின் மின் இணைப்பு இஸ்திரிப் பெட்டியைத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள். இரண்டு இயந்திரத்தையும் சேர்த்தாலும் இஸ்திரிதான் கூடுதலாக இழுக்கும்.

ஓவர்லாக்கைப் பழையதாக வாங்கினால் 22 பாதியாகக் குறையும். ஒரு சட்டையில் ஆறு நிமிடம் ஓடும் இயந்திரத்துக்குப் புதிது எதற்கு?

---

கடன்மேசை எழுதியது:

பழைய இயந்திரத்துக்கு முறையான விலைச்சீட்டு கிடைப்பது கடினம், விலைச்சீட்டு இல்லாததற்குக் கடன் கொடுக்கமாட்டார்கள். புதிதே போடுங்கள்.

---

இரட்டைத்தையல் எழுதியது:

விலைச்சீட்டும் உத்தரவாதமும் தந்து பழையதை விற்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள் ஐயா. அவள் கேட்கும் கடனே 11 குறைந்தால் தவணையும் குறையுமே.

---

கடன்மேசை எழுதியது:

குறையும். ஆனால் லூப்பர் தேய்ந்த ஓவர்லாக் பருவத்தின் நடுவில் நின்றுவிட்டால், ஒன்பது சட்டையும் அங்கேயே நிற்கும். எல்லாச் சட்டையும் அந்த ஒரே இயந்திரத்தைத் தாண்டித்தானே போகவேண்டும்?

---

ஊசிமுனை எழுதியது:

ஓவர்லாக் விஷயத்தில் இரண்டு விலைப்புள்ளியும் வாங்கி வைத்துக்கொள்கிறேன், அங்கே கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன். இப்போது பக்கம் இப்படி நிற்கிறது:

*தொழில்:* கூலிக்குத் தைக்கும் சிறு தையல் கூடம். பள்ளிச் சீருடைச் சட்டை, ஆல்டரேஷன். உரிமையாளருக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலை அனுபவம், தற்போது வீட்டில் ஆல்டரேஷன் வேலை, மாத வரவு 3, நோட்டு நகல் இணைப்பில். ஒரு பள்ளியுடன் பேச்சு நடக்கிறது.

*தேவை:* மொத்தம் 125. சொந்தப் பணம் 25: கடை முன்பணம் 16, நூல் பொத்தான் 4, ஓட்டப்பணம் 5. கடன் 100: தையல் இயந்திரம் இரண்டு 40, ஓவர்லாக் 22, மேசை, இஸ்திரி, மின்வேலை 15, ஓட்டப்பணம் 23.

*உற்பத்தி:* ஒரு சட்டைக்கு வெட்ட 9, தைக்க 46, ஓவர்லாக் 6, பொத்தான் 8, முடித்து மடிக்க 9, மொத்தம் 78 நிமிடம். இருவர் உழைப்பில், கால் பங்கு நேரம் கழித்து, நாளுக்கு 9. மாதம் 225.

*இயல்பான மாதம்:* வரவு 27, செலவு 16, லாபம் 11. வீட்டுக்கு 6. தவணைக்கு மிஞ்சுவது 5. தவணை 3.32, 36 மாதம்.

*மந்தமான மாதம்:* 135 சட்டையும் ஆல்டரேஷனும் சேர்ந்து வரவு 19.2. துணையாளுக்குக் குறைந்தபட்சம் 6 உட்படச் செலவு 12. தவணை கட்டிய பிறகு வீட்டுக்கு 3.9. குறையும் 2.1 நல்ல மாதங்களின் சேமிப்பிலிருந்து.

ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது, கீழே கையெழுத்துக்கும் இடம் இருக்கிறது.

---

புதுமொட்டு எழுதியது:

அக்கா, என் பெரியம்மா மகள் கணினி எம்பிராய்டரி இயந்திரம் வாங்கினாள். அதையும் சேர்த்தால் சட்டைக்குப் பள்ளிச் சின்னம் போட்டுத் தரலாமே?

---

இரட்டைத்தையல் எழுதியது:

சின்னத்தை வெளியே கொடுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் தங்கம். அந்த இயந்திரத்தைச் சேர்த்தால் கடன் பெரிதாகிவிடும், ஒரு நாளைக்கு ஒன்பது சட்டைக்கு அது பெரும்பாலான நேரம் சும்மாதான் நிற்கும்.

---

தறியோரம் எழுதியது:

"குறைந்தபட்சம் 6" என்று எழுத்தில் போட்டதற்கு நன்றி. துணையாளாக வரப்போகிறவரிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். என்ன கிடைக்கும் என்று அவருக்கும் முன்கூட்டியே தெரியட்டும்.

---

கடன்மேசை எழுதியது:

பக்கம் நன்றாக இருக்கிறது. அங்கே இரண்டு கேள்வி நிச்சயம் வரும். உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் கடை திறக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது ஒன்று. துணையாள் திடீரென்று நின்றுவிட்டால் என்ன என்பது இன்னொன்று. இரண்டாவதற்குக் கணக்கு போட்டுப் பாருங்கள்: நீங்கள் ஒருவரே என்றால் 360 நிமிடம், நாளுக்கு 4 சட்டைக்கு மேல் ஒன்று முடிந்தும் முடியாமலும் நிற்கும். சம்பளமும் இல்லை என்பதால் தவணை போய்விடும், ஆனால் வீட்டுக்கு மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும். இதைப் பக்கத்தில் எழுதவேண்டாம், கேட்டால் சொல்லும்படி மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஊசிமுனை எழுதியது:

நாளுக்கு 4 என்றால் மாதம் 100 சட்டை, வரவு 12. வாடகை, மின்சாரம், நூல், பழுது சேர்த்து 6 க்குள். தவணை 3.32. வீட்டுக்கு 3 க்குக் கொஞ்சம் கீழே. புரிகிறது ஐயா. முதல் கேள்விக்குத்தான் என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஓட்டப்பணத்தில் ஒரு மாத வாடகையும் தவணையும் தொடாமல் வைத்திருப்பேன் என்று சொல்லலாமா, இல்லை கடனோடு காப்பீடு எடுக்கச் சொல்வார்களா? யாருக்காவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள். வியாழக்கிழமை போகிறேன், அங்கே என்ன கேட்டார்கள் என்று வந்து எழுதுகிறேன்.